மூக்கைத் துடைத்த கைக்குச் சோப்பு, தொட்டிலைத் தொடும் கைக்குச் சானிடைசர்

"மூத்தவன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். மாதம் தவறாமல் பள்ளியிலிருந்து சளி கொண்டுவருகிறான். இரண்டு மூன்று நாளில் ஐந்து மாதக் கைக்குழந்தைக்கும், ஆஸ்துமா உள்ள என் மாமியாருக்கும் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் மூன்று இடத்தில் சானிடைசர் வைத்திருக்கிறேன். அவன் மூக்கைத் துடைத்துவிட்டால் உடனே போட்டுக்கொள்கிறேன். அப்படியும் ஏன் பரவுகிறது? சோப்பு நல்லதா, சானிடைசரா? எத்தனை வினாடி? எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைப்பதும் இல்லை."
– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

மூக்கைத் துடைத்த கையில் நேரே சானிடைசர் போடுகிறீர்களே, பிசகு அங்கேதான். மற்ற நேரத்தில் நீங்கள் அதைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. ஈரச் சளி பட்ட கைக்கு மட்டும் சானிடைசர் சரியான ஆயுதம் இல்லை. அந்த ஒரு வேளைக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

காரணம் சளியின் குணம். சளியில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கொழகொழவென்று பிடித்து வைத்திருப்பது மியூசின் என்ற புரதம். வைரஸ் அந்தக் கொழகொழப்புக்குள் புதைந்து கிடக்கிறது. மேலே விடும் ஆல்கஹால் உள்ளே இறங்கவே நேரம் பிடிக்கும். இறங்குகிற வழியில் சளியின் தண்ணீரோடு கலந்து அதன் வீரியமும் குறைந்துபோகும். ஜப்பானில் கியோட்டோ மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். இன்ஃபுளுயன்சா நோயாளிகளின் ஈரச் சளியை விரலில் வைத்து எத்தனால் கிருமிநாசினியை விட்டுப் பார்த்தபோது, வைரஸ் செயலிழக்கக் கிட்டத்தட்ட 4 நிமிடம் ஆனது. அதே சளி முழுக்கக் காய்ந்த பிறகு விட்டால் 30 வினாடி போதுமானதாக இருந்தது. ஓடும் தண்ணீரில் கழுவினால் ஈரமோ காய்ந்ததோ, 30 வினாடியில் வேலை முடிந்தது. அந்தச் சோதனையில் கையைத் தேய்க்கவில்லை, தேய்த்தால் ஆல்கஹால் இன்னும் சீக்கிரம் கலக்கும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. நியாயமான ஆட்சேபணைதான். ஆனால் பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு பம்ப் தட்டி, இரண்டு தேய்ப்பு தேய்த்து, உடனே தொட்டிலுக்கு ஓடும் தாய்க்கு அந்த வித்தியாசம் பெரிதாக உதவாது.

இரண்டாவது காரணம் வைரஸின் வகை. இன்ஃபுளுயன்சா, கொரோனா, கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவரும் ஆர்எஸ்வி ஆகிய மூன்றுக்கும் மேலே கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. ஆல்கஹாலும் சோப்பும் அந்த உறையைக் கரைத்துவிடும். உறை போனால் வைரஸுக்கு ஆயுள் முடிந்தது. ஆனால் சாதாரண ஜலதோஷத்துக்கு மிக அதிகமாகக் காரணமாக இருப்பது ரைனோவைரஸ். அதற்கு இந்த உறையே கிடையாது. ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. பின்லாந்தில் நிஜமாகவே சளி பிடித்திருந்தவர்களின் கைகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில், ஒருமுறை எத்தனால் தேய்த்தும் பலருடைய கையில் ரைனோவைரஸ் அப்படியே இருந்தது. சோப்பு போட்டுக் கழுவியவர்களின் கையிலிருந்து அது போய்விட்டது. உறை இல்லாத வைரஸைச் சோப்பு கொல்வதில்லை. தோலிலிருந்து கிளப்பித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. உங்கள் மகனுக்கு மூக்கு ஒழுகும்போது எந்த வைரஸ் என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே எதுவாக இருந்தாலும் போகிற வழியையே பிடிப்பது நல்லது.

இதற்காக மூன்று பாட்டிலையும் தூக்கிப்போட வேண்டாம். கண்ணுக்கு அழுக்கோ பிசுபிசுப்போ இல்லாத, உலர்ந்த கையில் சானிடைசர் நன்றாகவே வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பணியாளர்களின் கையில் உயிருள்ள எச்1என்1 இன்ஃபுளுயன்சா வைரஸைத் தடவி, காயவிட்டுப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான பெரிய இடைவெளி இல்லை. ஸ்பெயினில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் சோப்புக் குழுவைவிடச் சானிடைசர் குழுவில்தான் மூச்சுத்தொற்று குறைவு. பின்லாந்து அலுவலகங்களில் நடந்த இன்னொரு ஆய்வில் நேர்மாறாகச் சோப்புக்குத்தான் பலன் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் புரிவது இது: பத்துக் கைக்குழந்தைகளை மாற்றி மாற்றித் தூக்கும் ஆயா ஒவ்வொரு முறையும் குழாயடிக்குப் போக முடியாது. பக்கத்தில் இருப்பது பாட்டில் என்றால் அவர் அதைச் செய்வார். குழாய் பக்கத்தில் இருக்கிறவருக்குச் சோப்பே மேல். உங்கள் வீட்டில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, எங்கே எது என்று பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் சோப்பைப் பார்ப்போம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் 20 வினாடி என்பது நுரையோடு தேய்க்கும் நேரம் மட்டும். கையை நனைப்பது, அலசுவது, துடைப்பது எல்லாம் அதற்கு வெளியே. உலக சுகாதார நிறுவனம் 40 முதல் 60 வினாடி என்று சொல்வது நனைப்பதில் தொடங்கி உலர்த்துவது வரை முழு வேலைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. எண்ணுவதற்கு "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சொல்லிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வினாடி. மகனுக்கு இரண்டாம் வாய்ப்பாட்டைக் கொடுங்கள். நிதானமாகச் சொன்னால் 20 வினாடி வரும். மனப்பாடம் ஆன பிறகு 10 வினாடியில் முடித்துவிடுவான், அப்போது மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு மாற்றிவிடலாம்.

நேரத்தைவிட அதிகம் தவறுவது இடம். பெரும்பாலானவர்கள் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று உரசிவிட்டுக் குழாயை மூடிவிடுகிறார்கள். மூக்கையும் கண்ணையும் உள்ளங்கை எங்கே தொடுகிறது? தொடுவது விரல் நுனி. டிஷ்யூவைப் பிடித்து மூக்கைச் சிந்துவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கழுவும்போது சரியாக விட்டுப்போவதும் இவைதான்: கட்டைவிரலின் அடிப்பகுதி, விரல் நுனி, நகக்கண், விரலிடுக்கு. எனவே உள்ளங்கையை முடித்ததும் ஒரு கட்டைவிரலை மறு கையின் பிடிக்குள் வைத்து, ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டரை முறுக்குவதுபோல் முறுக்கித் தேய்க்க வேண்டும். பிறகு ஐந்து விரல் நுனிகளையும் குவித்து, சோறு பிசைய எடுக்கும் பாவனையில், மறு உள்ளங்கையின் நுரையில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இந்த இரண்டு அசைவும் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. விரலிடுக்கும் புறங்கையும் எப்படியும் கூடவே வந்துவிடும். மோதிரம் போட்டிருந்தால் அதை நகர்த்தி அடியிலும் தேய்க்க வேண்டும்.

உங்கள் கை எங்கே விட்டுவிடுகிறது என்று ஒரே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் குழைத்து இரண்டு கையிலும் முழுக்கத் தடவுங்கள். வழக்கம்போல், கூடுதல் கவனம் எதுவும் இல்லாமல் கழுவுங்கள். மஞ்சளின் லேசான சாயம் எல்லா இடத்திலும் இருக்கத்தான் செய்யும், அதை விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு அடர்மஞ்சளாக நிற்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கட்டைவிரல் மடிப்பிலும் நகத்தைச் சுற்றியும்தான் நிற்கும். மகனுக்கும் செய்து காட்டினால் பத்து முறை அதட்டுவதைவிட அது மனதில் பதியும்.

போர் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகத் திரிந்துவிடுகின்றன. சோப்பின் ஒரு பங்கு நுரைக்கும் முன்பே அதில் வீணாகிறது. நுரை தானாக வைரஸைக் கொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் நுரை வரவில்லை என்றால் அழுக்கைக் கிளப்ப வேண்டிய சோப்பு தோலில் போதவில்லை என்று அர்த்தம். கையை நன்றாக நனைத்து, குழாயை மூடிவிட்டு, கையில் ஊறும் அந்தக் கொஞ்சம் தண்ணீரிலேயே சோப்பைக் குழைத்தால் நுரை வரும். குழாய் ஓட ஓடத் தேய்த்தால் புதுப்புது உப்பு வந்துகொண்டே இருக்கும், சோப்பும் வழிந்துவிடும். பம்ப் பாட்டிலில் வரும் திரவ ஹேண்ட்வாஷ் பெரும்பாலும் வேறு வகைச் சலவைப்பொருளால் ஆனது, உப்புத் தண்ணீரோடு இவ்வளவு சண்டை போடாது. உங்களுக்கு அது சௌகரியம். "பாக்டீரியாவை அழிக்கும்" என்று விளம்பரம் செய்யும் சோப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. நாம் பேசுவது வைரஸைப் பற்றி. கராச்சியில் 2005இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், சோப்பு கொடுத்துக் கை கழுவப் பழக்கிய வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. அங்கே சாதாரணச் சோப்புக்கும் மருந்து கலந்த சோப்புக்கும் வித்தியாசமே இல்லை. வெந்நீரும் வேண்டாம், தோலைத்தான் வறட்டும்.

அலசும்போது வழவழப்பு போகும்வரை அலசுங்கள், கிளம்பிய வைரஸ் போவது அந்தத் தண்ணீரில்தான். வாளியும் குவளையும் வைத்துக் கழுவுகிற இடம் என்றால், கழுவாத கையால் பிடித்த குவளையைக் கழுவிய கையால் மறுபடி பிடிக்கும் சிக்கல் இருக்கிறது. இன்னொருவர் ஊற்றினால் தீர்ந்தது. ஆள் இல்லாவிட்டால் சோப்புக் கையோடு குவளையின் பிடியையும் சேர்த்துத் தேய்த்து அலசிவிடுங்கள். குழாயின் திருகுக்கும் இதே வைத்தியம்.

உலர்த்துவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஈரக் கை, உலர்ந்த கையைவிடக் கிருமியைச் சுலபமாக வாங்கும், சுலபமாகக் கொடுக்கும். வாஷ்பேசின் பக்கத்தில் நாள் முழுக்க ஒரே துண்டு ஈரமாகத் தொங்கி, வீடே அதில் துடைத்தால் கழுவியது வீண். யாருக்காவது சளி இருக்கும் நாட்களில் ஆளுக்கொரு சிறிய துண்டு வையுங்கள், நிறம் வேறுவேறாக இருந்தால் குழப்பம் வராது. தினமும் மாற்றுங்கள். சேலை முந்தானையையும் நைட்டியின் ஓரத்தையும் பற்றி உங்களுக்கே தெரியும். மூத்தவனின் மூக்கையும் இளையவனின் கடைவாயையும் ஒரே முந்தானை துடைக்கிற வீட்டில் கையை மட்டும் கழுவிப் பயனில்லை.

சானிடைசரில் முதலில் லேபிளைப் பாருங்கள். எத்தனால் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 70 சதவீதம் சரியானது. 99 சதவீதம் என்றால் இன்னும் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். வைரஸின் புரதத்தைத் திரிய வைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். சுத்த ஆல்கஹால் வேலையைத் தொடங்குவதற்குள் ஆவியாகிவிடும். "ஆல்கஹால் இல்லாதது" என்று போட்டிருப்பதை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

அடுத்தது அளவு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். இரண்டு கையும் முழுக்க நனைய ஏறக்குறைய 3 மில்லி வேண்டும். உங்கள் பாட்டில் ஒரு தட்டுக்கு எவ்வளவு தருகிறது? பழைய பாராசிட்டமால் சிரப்போடு வந்த அளவு மூடி இருந்தால் எடுங்கள் (மறுபடி மருந்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்). 5 மில்லிக் கோடு வரும்வரை பம்பைத் தட்டி, எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். ஐந்து தட்டு ஆனால் ஒரு தட்டுக்கு 1 மில்லி, உங்களுக்கு வேண்டியது மூன்று தட்டு. ஸ்பிரே பாட்டிலில் இன்னும் அதிகம் தேவைப்படும், மூன்று முறை பீய்ச்சிவிட்டுப் போட்டாயிற்று என்று நினைப்பவர்களின் விரல் நுனியில் ஒன்றும் இருக்காது. அளவு போதுமா என்று கையே சொல்லிவிடும். கட்டைவிரல், விரல் நுனி உட்பட எல்லா இடத்திலும் தேய்த்துக்கொண்டே இருந்தால் கை உலர 20 முதல் 30 வினாடி ஆக வேண்டும். பத்து வினாடியில் உலர்ந்துவிட்டால் போட்டது குறைவு. நேரம் போதவில்லை என்று துண்டில் துடைப்பதும், கையை உதறுவதும் கூடாது.

சோப்புப் போட்டுக் கழுவிய ஈரக் கையிலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று சானிடைசரும் போடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். 70 சதவீதச் சானிடைசர் 3 மில்லியில் ஆல்கஹால் 2.1 மில்லி. கையில் 1 மில்லி தண்ணீர் நின்றால் மொத்தம் 4 மில்லி ஆகி, ஆல்கஹால் 52 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. தேவையான 60க்குக் கீழே. பலன் குறைவு, தோல் எரிச்சல் மட்டும் மிச்சம். ஒன்றைச் சரியாகச் செய்தால் இன்னொன்று வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு ஒரு நாளைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மாலை நாலு மணிக்கு மகன் வருகிறான், மூக்கு ஒழுகுகிறது. பையை வைத்ததும், தம்பியைக் கொஞ்சுவதற்கு முன்னால், நேரே குழாயடி. சோப்பு, வாய்ப்பாடு, அவனுடைய துண்டு. இந்த ஒரு கழுவலை அவனுக்குச் சளி இல்லாத நாளிலும் விடவேண்டாம், ஏனென்றால் அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கும் வைரஸ்கள் உண்டு.

மூக்கைச் சிந்திவிடும்போது டிஷ்யூவோ பழைய மெல்லிய துணியின் துண்டோ வைத்துக்கொள்ளுங்கள், பயன்படுத்தியதும் மூடியுள்ள குப்பைக்கூடையில் போடுங்கள். டிஷ்யூவிலிருந்து கைக்கு இன்ஃபுளுயன்சா வைரஸ் 15 நிமிடம் வரை தொற்றும் என்று 1982இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஸ்டீல் போன்ற வழவழப்பான பரப்பிலிருந்து 24 மணி நேரம் வரை. அவன் கால்சட்டைப் பையில் கைக்குட்டை இருந்தால் கையை விடும்போதெல்லாம் ஈரச் சளியைத் தொட்டு எடுக்கிறான் என்று பொருள். சிந்திவிட்ட உடனே நீங்களும் அவனும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சோறு வடித்துவிட்டு, பாத்திரத்தைப் போட்டுவிட்டு அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பிரயோஜனம் குறைவு. ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களைப் படம்பிடித்து எண்ணியபோது ஒருவர் மணிக்குச் சராசரியாக 23 முறை தன் முகத்தைத் தொட்டார். அதில் ஏறக்குறைய பாதி கண், மூக்கு, வாய். அதாவது நீங்கள் தள்ளிப்போடும் பத்து நிமிடத்துக்குள் அந்தக் கை உங்கள் முகத்துக்கோ குழந்தையின் முகத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடும்.

கைக்குழந்தையைத் தூக்கும் முன், பால் கொடுக்கும் முன், அதன் வாயருகே விரலைக் கொண்டுபோகும் முன், கை சுத்தமாக, உலர்ந்து இருந்தால் சானிடைசர் போதும். பாட்டிலில் ஒன்றைத் தொட்டிலுக்கு மேல் அலமாரியில், மூத்தவனுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆறு வயதுப் பிள்ளை கையால் தட்டும் பம்ப் பாட்டிலின் வாய் நேரே கண் மட்டத்தில் இருக்கிறது, கண்ணில் தெறித்தால் கருவிழி புண்ணாகும். முழுக்க உலர்ந்த பிறகு குழந்தையைத் தொட்டால் அதற்கு ஒரு தீங்கும் இல்லை.

இரவு இரண்டு மணிக்குத்தான் சோதனை. மூத்தவன் இருமி எழுகிறான், மூக்கைத் துடைக்கிறீர்கள், அதே நேரம் சின்னவன் அழுகிறான். குழாயடிக்குப் போக முடியாவிட்டால் முதலில் காய்ந்த டிஷ்யூவால் விரல்களில் ஒட்டிய சளியை ஒட்ட வழித்து எடுங்கள். பிறகு 3 மில்லி விட்டு, விரல் நுனிகளை அழுத்தித் தேய்த்து, 30 வினாடி பொறுத்துப் பிள்ளையைத் தூக்குங்கள். சோப்புக்கு இது நிகர் இல்லை. ஆனால் சளிமேலேயே சானிடைசர் பூசுவதைவிட எவ்வளவோ மேல்.

மூன்று பாட்டிலில் ஒன்று சமையலறையில் இருந்தால் அதை இன்றே எடுத்துவிடுங்கள். அங்கே குழாயும் சோப்பும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அடுப்பும் இருக்கிறது. ஆல்கஹால் பற்றி எரியும்போது அதன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சாமி விளக்கு ஏற்றும் கைக்கும் இதே எச்சரிக்கைதான்.

மாமியாருக்கு, இன்ஹேலரை வாயில் வைக்கும் முன்பும் சாப்பிடும் முன்பும் சோப்புக் கழுவல். கண்ணில் நீர் வழிந்தால் விரலால் துடைக்காமல் சுத்தமான கைக்குட்டையால் ஒற்றச் சொல்லுங்கள், வைரஸுக்குக் கண்ணும் ஒரு வாசல். வயதானவர்களின் தோல் அடிக்கடி சோப்புப் பட்டால் வெடிக்கும், வெடித்த கை எரியும், எரிந்தால் கழுவ மாட்டார்கள். சளி படாத நேரங்களில் கிளிசரின் கலந்த சானிடைசர் சோப்பைவிட அவர் தோலுக்கு இதமாக இருக்கும். படுக்கப் போகும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் சளியின் முதல் நாளே தொடங்க வேண்டும். ஹாங்காங்கில் குடும்பங்களை வைத்து நடந்து 2009இல் வெளியான ஆய்வில், முதல் நோயாளிக்கு அறிகுறி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் கைச்சுத்தமும் முகக்கவசமும் ஆரம்பித்த வீடுகளில்தான் இன்ஃபுளுயன்சா பரவல் தெளிவாகக் குறைந்தது. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. காய்ச்சல் ஏறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் பேருந்து போய்விடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வீட்டில் சளி பரவவே பரவாது என்று சொல்ல முடியாது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவின் 2023 அறிக்கையில், கைச்சுத்தத்தால் மூச்சுத்தொற்று சுமார் 14 சதவீதம் குறைந்தது. நூறு முறை வரவேண்டியது 86 முறை வரும். இந்த எண் ஏன் இதைவிடப் பெரிதாக இல்லை? இன்ஃபுளுயன்சாவும் கொரோனாவும் இருமல், பேச்சு, மூச்சு வழியாகக் காற்றிலும் வருகின்றன, அதைக் கை கழுவித் தடுக்க முடியாது. ஆர்எஸ்வி விஷயத்தில் கைக்குப் பங்கு அதிகம். அமெரிக்காவின் ராச்சஸ்டரில் நடந்து 1981இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆர்எஸ்வி வந்த குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. குழந்தை இல்லாத நேரத்தில் அதன் கட்டிலையும் பொருளையும் தொட்டுவிட்டுத் தன் மூக்கையும் கண்ணையும் தொட்டவர்கள் 10 பேரில் 4 பேருக்குத் தொற்றியது. ஆறு அடி தள்ளி வெறுமனே உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. உங்கள் கைக்குழந்தைக்கு நான் அதிகம் அஞ்சுவது இந்த வைரஸுக்குத்தான், அதனால்தான் தொட்டிலருகே கைக்கு இவ்வளவு கண்டிப்பு.

காற்று வழிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மகனுக்குச் சளி இருக்கும் நாட்களில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மாமியாரின் நாற்காலியை ஜன்னல் பக்கமோ திண்ணைக்கோ மாற்றுங்கள், அவன் பாட்டியோடு படுப்பதை நாலைந்து நாளுக்கு நிறுத்துங்கள். தம்பி பக்கத்தில் உட்காரும்போது ஆறு வயதுப் பிள்ளை முகக்கவசம் போட்டுக்கொள்ள முடியும். கைக்குழந்தைக்குப் போடக் கூடாது, மூச்சு முட்டும்.

சின்னவனுக்குச் சளி பிடித்தே விட்டால், அவன் அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 108க்குச் சொல்லலாம்.